பழைய இதழ்களைப் படமெடுக்க ஒரு கடிதம்

'பழைய இதழ்கள் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும்' என்று பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினால் பதில் கிடைப்பது கடினம். '1934 செப்டம்பர் முதல் டிசம்பர் வரை, தலையங்கமும் வாசகர் கடிதங்களும்' என்று கேட்டால், எந்த பைண்டு வால்யூமை எடுக்க வேண்டும் என்பது நூலகருக்கு உடனே தெரிந்துவிடும்.

அடுத்த கவலை தாள். நியூஸ்பிரிண்ட் அமிலத்தால் பழுப்பேறி, மடிப்பில் முறியும். ஆகவே ஸ்கேனர் கிடையாது, பிளாஷ் கிடையாது, ஏட்டை அழுத்தி விரிப்பதும் கிடையாது. இருபுறமும் தாங்கு வைத்து மேலிருந்து படமெடுப்போம் என்று கடிதத்திலேயே எழுதுவது நல்லது. தையலோரம் மறைந்த எழுத்துகளை ஊகித்து நிரப்பாமல், தட்டச்சில் அடைப்புக்குறியிட்டுக் காட்டுவோம் என்பதையும் சேர்க்கலாம்.

பலர் தவறவிடுவது, படமெடுக்கவும் வெளியிடவும் தனித்தனி அனுமதி வேண்டும் என்பதை. இந்தியச் சட்டப்படி, பெயரில்லாமல் 1934இல் வந்த கட்டுரையின் காப்புரிமை 1984 முடிவோடு தீர்ந்தது. பெயரிட்டு எழுதியவர் 1970இல் மறைந்திருந்தால், அது 2030 முடியும்வரை நீடிக்கும். உரிமை தீர்ந்தாலும் வால்யூம் அலுவலகத்தின் உடைமைதான்.

படங்களின் முழுப் பிரதி ஒன்றை அலுவலகத்துக்கே தருவதாக எழுதுவது இந்தக் கடிதத்தின் மிக வலுவான வரி.