தப்பு என்று எப்போது ஒத்துக்கொள்வீர்கள்?

பங்குத் தரகு நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு மூத்த ஆய்வாளர் ஒருவர் சார்ட் வாசிப்பைப் பற்றிப் பேசினார். கோடு போடும் வித்தையை அவர் தொடவே இல்லை. "விலை ஏறும்னு எழுதுறீங்க, சரி. எந்த விலைக்கு வந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க? அதையும் அதே பக்கத்துல எழுதுங்க" என்றார்.

திரையில் ஒரு கற்பனைப் பங்கின் சார்ட்டைக் காட்டினார். மூன்று மாதமாக 420 ரூபாய்க்கும் 450 ரூபாய்க்கும் இடையிலேயே உழன்ற விலை, ஒருநாள் 450-ஐ உடைத்து 455-இல் முடிந்திருந்தது. வழக்கத்தைவிட வால்யூமும் அதிகம். பழைய வரம்பின் உயரமான 30 ரூபாயை 450-உடன் கூட்டி, 480 வரை போகலாம் என்பது வழக்கமான கணிப்பு. எங்கே பொய்யாகும்?

"447 சார்" என்றார் ஒருவர். அந்தப் பங்கு சாதாரண நாளிலேயே எட்டு ரூபாய் ஆடும். உடைத்த விலையை ஒருமுறை திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பதும் சகஜம். அதனால் 447 வந்தாலும் எதுவும் நிரூபணமாகாது. இன்னொருவர் சொன்ன 420 வெகு தொலைவு. 25 ரூபாய் லாபத்துக்காக 35 ரூபாய் நஷ்டத்தை யார் ஏற்பார்கள்?

ஆய்வாளர் உடைத்த நாளின் குறைந்த விலையைப் பார்த்தார்: 441. அதற்கும் கீழே போனால் அன்று வாங்கிய எல்லோரும் நஷ்டத்தில் இருப்பார்கள், உடைத்த வேகம் செத்துவிட்டது என்று அர்த்தம். "தினசரி முடிவு விலை 440-க்குக் கீழே போனால் இந்த வாசிப்பு செல்லாது" என்று எழுதினார். 'முடிவு விலை' என்பது முக்கியம். அது இல்லாவிட்டால், நடுப்பகலில் ஒரு நிமிடம் 439 தொட்டதை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒன்று சொல்லலாம்.

இதை ஸ்டாப் லாஸோடு பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். ஸ்டாப் லாஸ் ஒரு ஆர்டர். 440 ஒரு கருத்தின் எல்லை. ஒருவர் தாங்கக்கூடிய நஷ்டம் 3,000 ரூபாய் என்றால், 455-க்கும் 440-க்கும் உள்ள 15 ரூபாயால் வகுத்து 200 பங்கு வாங்கலாம். 500 பங்கு வேண்டும் என்பதற்காக எல்லையை 449-க்கு நகர்த்தினால், சார்ட்டை விட்டுவிட்டுப் பர்ஸை வாசிப்பதாகிவிடும்.

எலியட் அலைக் கணக்கு பார்ப்பவர்களுக்கு இந்த எல்லை விதியிலேயே இருக்கிறது: இரண்டாம் அலை, முதல் அலை தொடங்கிய விலைக்குக் கீழே இறங்கக்கூடாது. இறங்கினால் கணக்கு தப்பு. ஆனால் அப்போது அலைகளின் எண்ணை மாற்றி எழுதி, 'நான் சொன்னது சரிதான்' என்பவர்களும் உண்டு. புதியவர்களிடம் அவர் கண்டிப்பாகச் சொன்னது இதைத்தான்: எண்ணை மாற்றலாம், ஆனால் அது புது வாசிப்பு; புதுத் தேதி, புது எல்லை வேண்டும்.

440 என்று எழுதிவிட்டால் நஷ்டம் 15 ரூபாயோடு நின்றுவிடும் என்றும் நினைக்கக்கூடாது. இரவில் கெட்ட செய்தி வந்து, மறுநாள் சந்தை திறக்கும்போதே பங்கு 428-இல் தொடங்கினால், இடையில் விற்க வழியே கிடையாது.