போடி வீட்டுக்கு ஹஸ்கி குட்டியா, மீட்கப்பட்ட நாயா?

போடிமெட்டு ஏறினா குளுகுளுன்னு இருக்கும். ஆனா நீங்க குடியிருக்கிறது கீழே, போடியில். பனிப்பிரதேச ஹஸ்கி இங்கே சித்திரை வெயிலில் திணறிப்போகும்.

வெயிலைவிடப் பெரிய சிக்கல் பார்வோ வைரஸ். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்கின்றன மத்திய அரசின் 2017 விதிகள். ஆனாலும் 40 நாள் குட்டியைக் கைமாற்றிவிடுபவர்கள் உண்டு. தாய்ப்பாலில் கிடைத்த எதிர்ப்பு சக்தி குறைந்து, தடுப்பூசியின் பலன் முழுசா வராத நேரம் அது. வாங்கும்போது குட்டி நல்லாத்தான் துள்ளும். தொற்றிய பிறகு அறிகுறி தெரியவே பெரும்பாலும் 3 முதல் 7 நாள் ஆகும். அதனால வாந்தியும் ரத்தபேதியும் உங்க வீட்டில்தான் தொடங்கும்.

தடுப்பூசி போட்ட, ஒரு வயது தாண்டிய நாயைத் தத்தெடுத்தால் இந்த ஆபத்து மிகக் குறைவு. எவ்வளவு பெருசாகும், குழந்தைகளிடம் எப்படிப் பழகும்னு நேரிலேயே பார்த்துடலாம். தெருவிலிருந்து மீட்ட நாயின் காது நுனியில் அடையாள வெட்டு இருந்தால், பெரும்பாலும் கருத்தடையும் முடிந்திருக்கும்.

முதல் சில நாள் கட்டிலுக்கு அடியிலேயே ஒளிஞ்சு கிடக்கலாம், சரியா சாப்பிடாமலும் இருக்கலாம். இழுக்காம விட்டுப் பிடிங்க. ஏலத்தோட்டப் பக்கம் மீட்ட நாய் என்றால், உண்ணிக் காய்ச்சல் இருக்கான்னு கால்நடை மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை செய்துட்டு வீட்டுக்குக் கூட்டி வாங்க.