நாலு பேர் தந்த ஐந்து நட்சத்திரம்

மாலையில் அஸ்தமனம், விடியற்காலையில் உதயம், நடுவில் ஓர் இரவு தங்க ஓர் அறை. கன்னியாகுமரிக்கு வருகிற பலருக்கும் தேவை அவ்வளவுதான். அந்த அறையை இன்று கைபேசியில் தேடுகிறோம். மதிப்பீட்டின்படி வரிசைப்படுத்தியதும் உச்சியில் 5.0 வாங்கிய ஒரு விடுதி வந்து நிற்கும். அதை ஒட்டிச் சிறிய எழுத்தில் இன்னோர் எண் இருக்கும்: 4. மொத்தம் நாலே பேர்தான் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சிறிய எண்ணைக் கவனிக்காவிட்டால் பெரிய எண் நம்மைத் தவறாக வழிநடத்திவிடும்.

எடுத்துக்காட்டாக மூன்று விடுதிகளை வைத்துக்கொள்வோம். புதிதாகத் திறந்த விடுதிக்கு 4 பேர் தந்த சராசரி 5.0. நடுத்தர விடுதிக்கு 40 பேர் தந்தது 4.7. பேருந்து நிலையத்துக்கு அருகே நெடுநாளாக இருக்கும் பெரிய விடுதிக்கு 600 பேர் தந்தது 4.4. பட்டியல் இதே வரிசையில்தான் காட்டும். இது சரியான வரிசையா?

முதலில் 5.0 எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். ஓரளவு நல்ல ஒரு விடுதியில் தங்குபவர்களில் பாதிப் பேர் ஐந்து நட்சத்திரம் தருவார்கள், மீதிப் பேர் நாலோ மூன்றோ தருவார்கள் என்று கொள்வோம். முதல் நாலு பேரும் ஐந்தே தருவதற்கான வாய்ப்பு, பாதியில் பாதியில் பாதியில் பாதி. அதாவது 16-இல் ஒன்று. இப்படி ஒரே தரத்தில் நூறு புது விடுதிகள் இருந்தால் ஏறக்குறைய ஆறு விடுதிகள் முழுத் தூய்மையான 5.0-உடன் உச்சிக்குப் போய்விடும். அவை மற்றத் தொண்ணூற்று நான்கைவிட எந்த விதத்திலும் மேலானவை அல்ல. அதே விடுதிக்கு 40 பேர் மதிப்பிட்டு நாற்பதும் ஐந்தாகவே அமையும் வாய்ப்போ, ஒரு லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. ஆட்கள் கூடக்கூட அதிர்ஷ்டத்தின் பங்கு கரைந்து, தரத்தின் பங்கு மட்டும் தங்குகிறது.

பட்டியலின் அடியிலும் இதுவே நடக்கிறது. விடுதியைத் திறந்த முதல் வாரத்தில் கோபக்காரர் ஒருவர் ஒரு நட்சத்திரம் கொடுத்துவிட்டால் அந்த விடுதி 1.0 என்று கடைசியில் கிடக்கும். ஆக, வரிசையின் இரு நுனிகளையும் நிரப்புவது குறைவான மதிப்பீடு பெற்ற இடங்களே. மிக நல்லதையும் மிக மோசமானதையும் தேடி நாம் பார்ப்பதும் அந்த இரு நுனிகளைத்தான்.

இதற்கான மருந்தின் வேர், சூரிய உதயம் பற்றிய ஒரு பழைய கேள்வியிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814-இல் வெளியிட்ட நிகழ்தகவு பற்றிய நூலில், இதுவரை நாள்தோறும் உதித்த சூரியன் நாளையும் உதிக்கும் என்று எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்று கணக்கிட்டார். ஐயாயிரம் ஆண்டுகளுக்கு 18,26,213 நாட்கள். அத்தனை நாளும் உதித்திருந்தாலும் அவருடைய விதி நூற்றுக்கு நூறு என்று சொல்வதில்லை. கண்ட நாட்களோடு, உதித்ததாக ஒரு நாளையும் உதிக்காததாக ஒரு நாளையும் கற்பனையாகச் சேர்த்துக்கொண்டு வகுத்தால் எது வருமோ அதுவே அவருடைய விடை. 18 லட்சம் நாட்களுக்கு முன்னால் அந்த இரண்டு நாட்களுக்கு ஒரு பொருட்டும் இல்லை. நாலே நாள் பார்த்தவருக்கோ அவை பெரிய கடிவாளம்: ஆறில் ஐந்து என்றுதான் அவர் சொல்ல முடியும்.

நட்சத்திரங்களுக்கும் இதையே செய்யலாம். ஒவ்வொரு விடுதியும், யாரும் வாய் திறக்கும் முன்பே, அந்த ஊரின் சராசரியில் சில மதிப்பீடுகளோடு தொடங்குவதாக வைத்துக்கொள்ள வேண்டும். ஐ.எம்.டி.பி. தளம் தன் முதல் 250 திரைப்படங்களை வரிசைப்படுத்த வெளியிட்ட சூத்திரமும் இந்த வகைதான்.

எத்தனை மதிப்பீடுகளைச் சேர்ப்பது? இங்கேதான் ஊரைப் பற்றிய அறிவு நுழைகிறது. ஒரே விடுதியில் தங்கியவர்களுக்குள் கருத்து எவ்வளவு சிதறுகிறது என்பது ஓர் அளவு. விடுதிக்கு விடுதி உண்மையான தரம் எவ்வளவு சிதறுகிறது என்பது இன்னோர் அளவு. முதலாவது 1.2 நட்சத்திரம், இரண்டாவது 0.3 என்று கொண்டால், ஆட்களின் சிதறல் நான்கு மடங்கு. நான்கின் வர்க்கம் 16. ஆகவே 16 மதிப்பீடுகளைச் சேர்க்க வேண்டும். ஊர்ச் சராசரி 4.0 என்று கொண்டால் கணக்கு இவ்வளவுதான்:

(ஆட்கள் × சராசரி + 16 × 4) ÷ (ஆட்கள் + 16)

புது விடுதி: (20 + 64) ÷ 20 = 4.2.
நடுத்தர விடுதி: (188 + 64) ÷ 56 = 4.5.
பெரிய விடுதி: (2640 + 64) ÷ 616 = 4.39.

உச்சியில் இருந்த புது விடுதி கடைசிக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதிகம் பேர் மதிப்பிட்ட பெரிய விடுதி முதலிடத்துக்கு வந்துவிடவில்லை. நாற்பது பேர் என்பது போதுமான சாட்சியம் என்பதால் நடுத்தர விடுதியின் 4.7 பெரிதாகக் குறையவில்லை. 'கூட்டம் எங்கேயோ அங்கே போ' என்பது இந்தக் கணக்கின் செய்தி அல்ல. மேலும் இது புதியவர்களுக்கு அநீதியும் செய்வதில்லை. ஒரே ஒரு நட்சத்திரம் வாங்கி 1.0-இல் கிடந்த விடுதி, 65-ஐ 17-ஆல் வகுத்தால், 3.82-க்கு எழுந்துவிடுகிறது.

மனக்கணக்காக ஒன்று நினைவில் வைத்தால் போதும்: மதிப்பிட்டவர்கள் 16 பேராக இருந்தால், திரையில் தெரியும் சராசரிக்கும் ஊர்ச் சராசரிக்கும் சரிபாதியில் நில்லுங்கள். அதைவிடக் குறைவு என்றால் ஊர்ச் சராசரியின் பக்கம் சாயுங்கள், கூடுதல் என்றால் திரையின் பக்கம். இந்த 16 எல்லா இடத்துக்கும் பொருந்தும் எண் அல்ல. கடைக்குக் கடை தரம் மிகவும் மாறுபடும் உணவகங்களில் ஆறோ ஏழோ போதும். எல்லாமே ஏறக்குறைய ஒரே தரம் என்றால் முப்பதுக்கு மேலும் தேவைப்படலாம்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கு சரிசெய்யாது. மதிப்பிட்டவர்கள் தனித்தனியாக, ஒருவரை ஒருவர் சாராமல் சொல்லியிருக்க வேண்டும் என்று அது நம்புகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஐப்பசியில் மூன்று நாள் மேகம் மூடியிருந்தால் 'உதயம் தெரியவில்லை' என்று பத்துப் பேர் விடுதியின் நட்சத்திரத்தைக் குறைப்பார்கள். அது பத்து சாட்சியம் அல்ல, ஒரே மேகத்தைப் பற்றிய ஒரு சாட்சியம். உரிமையாளரின் உறவினர்கள் ஒரே நாளில் போட்ட பத்து ஐந்துகளும் அப்படியே. சபரிமலைக் காலத்துக் கூட்டத்தில் வந்த முறையீடும் ஆள் குறைந்த ஆகஸ்ட் மாதப் பாராட்டும் ஒரே விடுதியைப் பற்றியவை என்றாலும் வெவ்வேறு நிலையைச் சொல்பவை.

லாப்லாஸும் இந்த எல்லையை அறிந்திருந்தார். நாட்களை மட்டும் எண்ணுகிறவரைவிட, பகலும் இரவும் ஏன் மாறுகின்றன என்று தெரிந்தவர் நாளைய உதயத்தைப் பற்றி மிக அதிக உறுதியோடு இருப்பார் என்று அதே இடத்தில் எழுதினார். எனவே கணக்கு முடிந்ததும் முன்னிற்கும் இரண்டு மூன்று விடுதிகளின் கடைசிப் பத்து மதிப்பீடுகளைத் தேதியோடு படியுங்கள். காரணம் சொல்லாத ஐந்து நட்சத்திரத்தைவிட, 'மூன்றாம் மாடியில் இரவு பத்து மணிக்கு மேல் தண்ணீர் வரவில்லை' என்ற ஒரு வரி அதிகம் சொல்லும். அந்த வரி வேறொரு மாதத்தில் வேறொருவர் எழுதியதிலும் இருந்தால், சராசரி எதுவாக இருந்தாலும் அதை நம்பலாம்.