மும்மடங்கான மைக்கேலிஸ் மாறிலி: ஒரு தடுப்பானின் பிடியை அளக்கும் முறை

ஒரு நொதியின் இயங்கு மையத்தில் தளப்பொருள் உட்கார வேண்டிய இடத்திலேயே வேறொரு மூலக்கூறு வந்து உட்கார்ந்துவிட்டால், அதைப் போட்டித் தடுப்பான் என்பார்கள். அது எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதைச் சொல்லும் எண்ணே தடுப்பு மாறிலி. தளப்பொருள் இல்லாத நிலையில் நொதியில் சரிபாதியைப் பிடித்துவைக்க எவ்வளவு தடுப்பான் செறிவு வேண்டுமோ, அதுவே அந்த மாறிலி. எண் சிறியதாக இருந்தால் பிடி இறுக்கம் என்று பொருள். தடுப்பான் நொதியில் ஒட்டியிருப்பதை நேராகப் பார்க்காமலேயே, வினையின் வேகத்தை மட்டும் அளந்து இந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம்.

மெத்தனால் நச்சுக்கு மாற்றாகத் தரப்படும் ஃபோமெபிசோல் என்னும் மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. மெத்தனால் அப்படியே இருக்கும்வரை அதன் கேடு குறைவு. கல்லீரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்ற நொதி அதை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அது அடுத்து ஃபார்மிக் அமிலமாகிறது. கண் நரம்பைச் சிதைப்பதும் இரத்தத்தை அமிலமாக்குவதும் இந்த அமிலம்தான். ஆகவே முதல் நொதியை மறித்துவிட்டால் நஞ்சு உருவாவதே தாமதப்படும். ஃபோமெபிசோல் செய்வது அதைத்தான். மனிதக் கல்லீரல் நொதிக்கு அதன் தடுப்பு மாறிலி சுமார் 0.2 மைக்ரோமோலார் என்று 1960களின் இறுதியிலேயே அளந்துவிட்டார்கள்.

அளக்கும் வழி மைக்கேலிஸ் மாறிலியிலிருந்து தொடங்குகிறது. நொதி தன் உச்ச வேகத்தில் பாதியை எட்டுவதற்குத் தேவையான தளப்பொருளின் செறிவுக்கு அந்தப் பெயர். போட்டித் தடுப்பான் சேர்ந்ததும் என்ன நடக்கிறது? தளப்பொருள் ஏறாத நொதி முழுவதும் இனி காலியாக இருப்பதில்லை; அதில் ஒரு பகுதியைத் தடுப்பான் பிடித்துவைத்திருக்கிறது. தடுப்பானின் செறிவு தடுப்பு மாறிலிக்குச் சமமானால், காலி நொதி ஒன்றுக்குப் பிடிபட்ட நொதி ஒன்று. செறிவு அதைப்போல் இரு மடங்கானால் காலி ஒன்றுக்குப் பிடிபட்டது இரண்டு. அந்த அளவுக்குக் கூடுதல் தளப்பொருளைப் போட்டால்தான் நொதியின் பாதியை மீண்டும் தன்பக்கம் இழுக்க முடியும். ஆனால் தளப்பொருளை வெள்ளமாகக் கொட்டினால் தடுப்பானுக்கு இடமே கிடைக்காது. உச்ச வேகம் பழையபடியே வந்துவிடும். ஆக, உச்ச வேகம் அசையாது. மைக்கேலிஸ் மாறிலி மட்டும் உயர்ந்ததுபோல் தெரியும். நொதியின் இயல்பு மாறவில்லை, தோற்றம்தான் மாறியது என்பதால் இந்த உயர்ந்த எண்ணைத் தோற்ற மைக்கேலிஸ் மாறிலி என்கிறார்கள்.

Kₘ(தோற்றம்) = Kₘ × (1 + [I] / Kᵢ)

இதைத் திருப்பிப் போட்டால் வேண்டிய எண் கிடைக்கும்:

Kᵢ = [I] / (Kₘ(தோற்றம்) / Kₘ − 1)

இங்கே Kₘ தடுப்பான் இல்லாதபோது கிடைத்த மைக்கேலிஸ் மாறிலி. [I] தடுப்பானின் செறிவு. Kᵢ தடுப்பு மாறிலி. மைக்கேலிஸும் மென்டனும் பெர்லினில் 1913இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையிலேயே, சர்க்கரையைப் பிளக்கும் நொதியை அதன் விளைபொருள்களான குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் எப்படித் தடுக்கின்றன என்பதையும் கணக்கிட்டிருந்தார்கள். மைக்கேலிஸ் மாறிலியும் தடுப்பு மாறிலியும் ஏறக்குறைய உடன்பிறந்தவை.

ஆய்வகத்தில் இந்த நொதிக்கு வசதியான ஒரு தன்மை உண்டு. அது ஆல்கஹாலிலிருந்து எடுக்கும் ஹைட்ரஜனை என்ஏடி என்ற துணை மூலக்கூறிடம் தருகிறது. அப்படி உருவாகும் என்ஏடிஎச் 340 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும், என்ஏடி உறிஞ்சாது. எனவே சிறு குவெட்டில் தாங்கல் கரைசல், என்ஏடி, எத்தனால், தடுப்பான் எல்லாவற்றையும் கலந்து, கடைசியாக நொதியைப் பிப்பெட்டால் விட்டு, இரண்டு முறை கவிழ்த்துக் கலக்கி ஒளிமானியில் வைத்தால், உறிஞ்சல் எண் நேர்கோட்டில் ஏறுவதைத் திரையில் காணலாம். அந்தக் கோட்டின் சரிவே வேகம். ஒரு மைக்ரோமோலார் என்ஏடிஎச் உறிஞ்சலை 0.0062 உயர்த்தும், ஆகவே நிமிடத்துக்கு 0.0124 ஏறினால் வேகம் நிமிடத்துக்கு 2 மைக்ரோமோலார்.

கணக்கு தெளிவாக விளங்குவதற்காக முழு எண்களாக அமைத்த ஒரு சோதனையைப் பார்க்கலாம். தடுப்பான் இல்லாதபோது எத்தனால் செறிவு 0.25, 0.5, 1.5, 4.5 மில்லிமோலார் ஆக இருக்க, வேகம் முறையே 1.33, 2.0, 3.0, 3.6 வருகிறது. இவை உச்ச வேகம் 4, மைக்கேலிஸ் மாறிலி 0.5 மில்லிமோலார் என்ற வளைகோட்டில் சரியாகப் பொருந்துகின்றன. இனி ஒவ்வொரு குவெட்டிலும் 0.4 மைக்ரோமோலார் ஃபோமெபிசோல் சேர்த்து அதே நான்கு செறிவுகளை மீண்டும் ஓட்டினால் 0.57, 1.0, 2.0, 3.0 கிடைக்கிறது. உச்ச வேகத்தின் பாதியான 2, முன்பு 0.5 மில்லிமோலாரில் வந்தது, இப்போது 1.5 மில்லிமோலாரில்தான் வருகிறது. வளைகோடு ஏறிப்போய்ச் சேரும் உச்சம் மட்டும் அதே 4. மாறிலி மும்மடங்காகிவிட்டது. மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இரண்டு, 0.4ஐ இரண்டால் வகுத்தால் 0.2 மைக்ரோமோலார்.

கணக்கு இவ்வளவு எளிது. ஆனால் அந்த ஒன்றைக் கழிக்கும் இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். தடுப்பானை மிகக் குறைவாக, 0.04 மைக்ரோமோலார் மட்டும் போட்டிருந்தால் விகிதம் 1.2 ஆக வந்திருக்கும். அளவீட்டுப் பிழையால் அது 1.1 ஆகவோ 1.3 ஆகவோ வந்துவிடுவது சாதாரணம். அப்போது விடை 0.4க்கும் 0.13க்கும் இடையே எங்கு வேண்டுமானாலும் நிற்கும். மும்மடங்கு நகர்ந்த சோதனையில் அதே பத்து விழுக்காட்டுப் பிழை 0.17க்கும் 0.24க்கும் நடுவில்தான் அலைக்கழிக்கும். மாறிலி குறைந்தது இரு மடங்காகவாவது நகரும்படி தடுப்பானைத் தேர்ந்தெடுப்பது இதனால்தான்.

ஒரே ஒரு தடுப்பான் செறிவை நம்பி நிற்பதும் சரியல்ல. 0, 0.2, 0.4, 0.8 மைக்ரோமோலார் என நான்கு செறிவுகளில் அளந்தால் தோற்ற மாறிலி 0.5, 1.0, 1.5, 2.5 என ஏறும். தடுப்பான் செறிவைக் கிடையச்சிலும் தோற்ற மாறிலியை நெட்டச்சிலும் குறித்தால் நேர்கோடு வரும். அதைப் பின்னோக்கி நீட்டினால் கிடையச்சை −0.2இல் வெட்டும், குறியை நீக்கினால் அதுவே தடுப்பு மாறிலி. இந்தக் கோடு விடையைத் தருவதோடு நின்றுவிடாமல், போட்டித் தடுப்பு என்ற அனுமானம் செல்லுமா என்பதையும் காட்டிக்கொடுக்கும். ஏறி ஏறி ஓர் உயரத்தில் படுத்துவிட்டால் தடுப்பான் இடத்தை முழுதாக மறிக்கவில்லை என்று ஐயப்பட வேண்டும். ஒவ்வொரு செறிவிலும் உச்ச வேகத்தையும் கவனிக்க வேண்டும். அது குறைந்துகொண்டே வந்தால் தடுப்பான் தளப்பொருள் ஏறிய நொதியையும் பிடிக்கிறது. அங்கே மேற்கண்ட சூத்திரம் செல்லாது.

லைன்வீவரும் பர்க்கும் 1934இல் தந்த தலைகீழ் வரைபடம் பாடநூல்களில் இன்றும் இருக்கிறது. உச்ச வேகம் மாறவில்லை என்பதைக் கண்ணுக்குக் காட்ட அது அருமையானது. ஆனால் எண்ணைக் கறந்தெடுக்க அது ஏற்றதல்ல. மிகச் சிறிய வேகத்தைத் தலைகீழாக்கும்போது அதிலுள்ள சிறு பிழையும் பெருகி, கோட்டையே தன் பக்கம் சாய்த்துவிடும். அளந்த வேகங்களை நேராக வளைகோட்டில் பொருத்திக் கணினியில் தீர்ப்பதே நல்லது.

இந்த நொதிக்கு இன்னொரு கண்ணி உண்டு. சூத்திரத்தில் வரும் தடுப்பான் செறிவு என்பது கரைசலில் தனித்து மிதக்கும் தடுப்பான். பிப்பெட்டால் விட்ட மொத்தம் அல்ல. நொதி தடுப்பானைவிட மிகக் குறைவாக இருக்கும்வரை இரண்டும் ஒன்றே. ஆனால் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் மந்தமான நொதி. உறிஞ்சல் பளிச்சென்று ஏற வேண்டும் என்ற ஆசையில் நொதியை அள்ளிவிடத் தோன்றும். நொதியும் 0.4 மைக்ரோமோலார், தடுப்பானும் 0.4 மைக்ரோமோலார் என்றாகிவிட்டால், தடுப்பானில் கணிசமான பங்கை நொதியே விழுங்கிவிடும். மாறிலி எதிர்பார்த்த அளவுக்கு நகராது. தடுப்பான் உண்மையைவிடப் பலவீனமானது என்று விடை வரும். நொதியை இரட்டிப்பாக்கி மறுபடி அளப்பதே இதைக் கண்டுபிடிக்கும் வழி. தடுப்பு மாறிலி மாறாதிருந்தால் நம்பலாம். கூடினால் நொதியைக் குறைக்க வேண்டும். நொதியை ஒரு மைக்ரோமோலாரின் நூறில் ஓரிரு பங்கில் வைத்து, மெல்ல ஏறும் கோட்டைப் பொறுமையாகப் பார்ப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை.

ஃபோமெபிசோல் வெறும் நொதியில் ஒட்டுவதில்லை, என்ஏடி ஏற்கெனவே ஏறிய நொதியில்தான் இறுக்கமாக ஒட்டுகிறது. எனவே என்ஏடி எப்போதும் நிறைவாக இருக்க வேண்டும். அமில காரத்தன்மையையும் எல்லாக் குவெட்டுகளிலும் ஒன்றாக வைக்க வேண்டும்.

அளந்த எண் மருத்துவமனையில் என்ன சொல்கிறது? சிகிச்சையின்போது இரத்தத்தில் ஃபோமெபிசோல் குறைந்தது 10 மைக்ரோமோலார் அளவில் இருக்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. 10ஐ 0.2ஆல் வகுத்து ஒன்றைக் கூட்டினால் 51. அதாவது மெத்தனாலுக்கான மைக்கேலிஸ் மாறிலி 51 மடங்கு உயர்ந்ததுபோல் நொதி நடந்துகொள்ளும். ஆனால் வேகம் எப்போதும் 51 மடங்கு குறைந்துவிடாது. மெத்தனால் அதன் மைக்கேலிஸ் மாறிலியைவிட மிகக் குறைவாக இருக்கும்போதுதான் அந்த முழுப் பலன். மெத்தனால் செறிவு அந்த மாறிலிக்குச் சமமாக இருந்தால் வேகம் 26 மடங்கு குறையும். பத்து மடங்காக ஏறியிருந்தால் ஐந்தரை மடங்குதான் குறையும். தளப்பொருள் பெருகப் பெருகத் தடுப்பானைத் தள்ளிவிட்டு இடம்பிடிக்கும் என்ற அதே போட்டிதான் இங்கும் நடக்கிறது. அளவுக்கு மீறிக் குடித்தவருக்கு மருந்தோடு டயாலிசிஸும் செய்து மெத்தனாலையே இரத்தத்திலிருந்து வெளியேற்றினால், தளப்பொருளின் செறிவு இறங்க இறங்க அதே அளவு மருந்து முன்பைவிடக் கூடுதலாக வேலை செய்யத் தொடங்குகிறது.