ரிட்டர்ன் சரக்கும் ரீஸ்டாக்கிங் கட்டணமும்

கடையில் விற்காமல் தங்கிய சரக்கையும் பழுதாக வந்த சரக்கையும் விநியோகஸ்தருக்குத் திருப்பி அனுப்ப முன்அனுமதி வேண்டும். பில் எண், பொருளின் சீரியல் எண், திருப்பும் காரணம், படம் ஆகியவற்றுடன் கேட்டால் ஆர்.எம்.ஏ. எண் ஒன்று தரப்படும். அந்த எண் பெட்டியின் மேல் தெரிய வேண்டும். இல்லையெனில் கிடங்கில் இறக்க மறுத்துவிடுவார்கள், போகவரக் கூலி கடைக்காரர் தலையில் விழும். எண்ணுக்குக் காலக்கெடுவும் உண்டு. எண் கிடைத்தாலே பணம் கிடைத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. அந்த எண் சரக்கை அனுப்ப மட்டுமே அனுமதி. எவ்வளவு வரவு வைப்பது என்பது கிடங்கில் பிரித்துப் பார்த்த பிறகே முடிவாகும்.

தவறு யாருடையது என்பதுதான் கணக்கின் மையம். பழுதான பொருளோ கேட்காத மாடலோ வந்திருந்தால் பெரும்பாலான கொள்கைகளில் கட்டணம் கிடையாது, லாரிக் கூலியும் அனுப்பியவருடையது. ஆனால் அதற்குச் சான்று வேண்டும். லாரியிலிருந்து இறக்கும்போதே மூலை நசுங்கிய பெட்டியைப் பார்த்து, கையெழுத்துக்கு முன் ரசீதில் "2 பெட்டி நசுங்கியுள்ளது" என்று எழுதிவிட வேண்டும். வெறும் கையெழுத்துப் போட்டால், சரக்கு நல்லபடி வந்து சேர்ந்தது என்றே பொருள் கொள்வார்கள்.

விற்காத சரக்கைத் திருப்பும்போதுதான் ரீஸ்டாக்கிங் கட்டணம் வருகிறது. மீண்டும் சோதித்து, அடுக்கி, விற்பனைக்கு வைக்கும் செலவுக்காகப் பிடிக்கப்படும் தொகை இது. ஒரு கடைக்காரர் கோடை முடிந்து 10 சீலிங் ஃபேன்களைத் திருப்பி அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக ஒன்றின் விலை 1,500 ரூபாய். கட்டணம் 15 சதவீதம். பெட்டி பிரிக்காமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இரண்டு பெட்டிகள் பிரித்திருந்ததால் 8 மட்டுமே ஏற்கப்படுகின்றன. அவற்றின் மதிப்பு 12,000; கட்டணம் 1,800 போக வரவு 10,200. அனுப்பிய லாரிக் கூலி 600 கழித்தால் மிஞ்சுவது 9,600, அதாவது ஃபேன் ஒன்றுக்கு 1,200 ரூபாய். உள்ளூரிலேயே அதைவிடக் கூடுதலாக விற்க முடிந்தால், திருப்பி அனுப்புவது நஷ்டம்தான்.

கட்டண விகிதத்தைவிட அதன் அடிப்படையைக் கவனிப்பது முக்கியம். பில் விலை மீதா, தள்ளுபடி கழித்த விலை மீதா என்று கொள்கையில் எழுதியிருக்க வேண்டும். மொத்தமாக எடுத்ததற்குத் தள்ளுபடி வாங்கியிருந்து, திருப்பியதால் எண்ணிக்கை வரம்புக்குக் கீழே இறங்கினால், அந்தத் தள்ளுபடியையும் திரும்பப் பிடிக்கும் விதி சிலரிடம் உண்டு.

பணம் பெரும்பாலும் கையில் வராது. கிரெடிட் நோட்டாக வந்து அடுத்த பில்லில் கழியும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34-ஆவது பிரிவின்படி, அந்த நோட்டால் விநியோகஸ்தர் தன் வரியைக் குறைத்துக்கொள்ள, சரக்கு விற்ற நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் அதைக் கணக்கில் காட்டியாக வேண்டும். ஆகவே பழைய சரக்கை வைத்திருப்பவர்கள் அந்தத் தேதிக்கு வெகு முன்னதாகவே ஆர்.எம்.ஏ. எண் கேட்டுவிடுங்கள்.