88ஆ, 83ஆ? ஒரு கைபேசிப் படத்திலிருந்து ஓஜைவ் வரை

பதினோராம் வகுப்பில் புள்ளியியல் படிக்கும் மாணவி ஒருத்தி அனுப்பிய படம் அது. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம், அதில் ஒரு சின்ன அட்டவணை. 120 வீடுகள் இரண்டு மாதத்தில் எத்தனை யூனிட் மின்சாரம் செலவழித்தன என்ற பயிற்சிக் கணக்கு. "இதுக்கு ஓஜைவ் வரைஞ்சு இடைநிலையும் கால்மானங்களும் கண்டுபிடிக்கணும் சார்" என்று கீழே எழுதியிருந்தாள். படத்தில் அட்டவணையின் தலைப்பு வரி வெட்டுப்பட்டிருந்தது. நான்காவது வரிசை எண் தாளின் மடிப்பில் விழுந்து, 88 என்றும் படிக்கலாம், 83 என்றும் படிக்கலாம் என்ற நிலையில் இருந்தது.

படத்தில் தெரிந்தது இவ்வளவுதான்:

| யூனிட் | வீடுகள் |
|---|---|
| 0 – 100 | 8 |
| 100 – 200 | 24 |
| 200 – 300 | 50 |
| 300 – 400 | 88? |
| 400 – 500 | 108 |
| 500 – 600 | 120 |

தலைப்பு இல்லாதபோது முதலில் தீர்க்க வேண்டியது, வலப்பக்க எண்கள் நிகழ்வெண்களா, குவிவு நிகழ்வெண்களா என்பது. நிகழ்வெண் என்றால் அந்தப் பிரிவில் மட்டும் உள்ள வீடுகள். குவிவு நிகழ்வெண் என்றால் அதுவரை வந்த எல்லா வீடுகளும் சேர்ந்த கூட்டுத்தொகை. கூட்டிக்கொண்டே போகிற எண் எந்த இடத்திலும் குறைய முடியாது, கடைசியில் மொத்தத்தில் போய் நிற்க வேண்டும். இங்கே எண்கள் ஏறிக்கொண்டே போய், கேள்வியில் சொன்ன 120இல் முடிகின்றன. ஆகவே இது குவிவு நிகழ்வெண். இதைக் கவனிக்காமல் ஏற்கெனவே கூட்டியதையே மறுபடி கூட்டுகிறவர்கள் உண்டு. 8, 32, 82 என்று போய்க் கடைசியில் 398 வீடுகள் வரும். தெருவில் இருப்பதோ 120.

மங்கிய எண்ணுக்கும் இதே சோதனை பாதி உதவும். யாராவது அதை 38 என்று படித்திருந்தால், 50க்குப் பிறகு 38 வர வழியில்லை என்று உடனே பிடித்துவிடலாம். ஆனால் 83, 88 இரண்டுமே 50க்கும் 108க்கும் நடுவில் ஒழுங்காக உட்காருகின்றன. இப்போதைக்கு 88 என்று வைத்துக்கொண்டு வரைவோம். 83 ஆக இருந்தால் என்ன ஆகும் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கிராஃப் தாளில் X அச்சு யூனிட், 1 செ.மீ.க்கு 50. Y அச்சு வீடுகள், 1 செ.மீ.க்கு 10. இரண்டு பக்கமும் 12 செ.மீ. வரும், தாளில் தாராளமாக அடங்கும். இனிப் புள்ளி வைக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். 24 என்ற எண் எதைச் சொல்கிறது? 200 யூனிட்டுக்குள் செலவழித்த வீடுகள் மொத்தம் 24 என்று சொல்கிறது. 100 யூனிட்டிலோ 150இலோ 24 வீடுகள் வந்து சேர்ந்துவிட்டன என்று அது சொல்லவில்லை. 200 வரை போனால்தான் 24 என்பது உறுதி. ஆகவே புள்ளியை அந்தப் பிரிவின் மேல் எல்லைக்கு நேராக, அதாவது 200க்கு நேராக 24 உயரத்தில் வைக்க வேண்டும். இப்படியே 100க்கு 8, 300க்கு 50, 400க்கு 88, 500க்கு 108, 600க்கு 120. இவற்றோடு 0க்கு நேராக 0 என்று ஒரு புள்ளி. அட்டவணையில் அது இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும்.

நிகழ்வெண் பலகோணம் வரைந்து பழகிய கை, புள்ளியைப் பிரிவின் நடுவில் வைத்துவிடும். வளைவின் உருவம் அச்சு அசல் அப்படியே இருக்கும், ஆனால் முழுசாக 50 யூனிட் இடப்பக்கம் நகர்ந்திருக்கும். இடைநிலையும் இரண்டு கால்மானங்களும் தலைக்கு 50 குறைந்து வரும். பார்த்தால் தவறு தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி, வளைவின் உச்சியைப் பார்ப்பது. 550லேயே 120ஐத் தொட்டுவிட்டால், 550க்கு மேல் செலவழித்த வீடே இல்லை என்று வளைவு சொல்கிறது. அட்டவணை அப்படிச் சொல்லவில்லையே!

புள்ளிகளை இணைத்தால் மெதுவாகத் தொடங்கி, நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே போய்ச் சாய்கிற S போன்ற வளைவு கிடைக்கும். இதுதான் 'குறைவான' வகை ஓஜைவ். எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ அங்கே வீடுகள் நெருக்கமாக இருக்கின்றன. நம் வளைவில் அது 300க்கும் 400க்கும் நடுவே.

இதிலிருந்து இடைநிலையை எடுப்பதற்குப் பின்னால் இருப்பது மிக எளிய எண்ணம். இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் 1875இல் எழுதிய கட்டுரையில் அதைச் சொன்னார். ஒரு கூட்டத்தைப் புரிந்துகொள்ள எல்லாரையும் அளக்க வேண்டியதில்லை. சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக நிறுத்தி, நடுவில் நிற்பவரையும் கால் பங்கு, முக்கால் பங்கு இடங்களில் நிற்பவர்களையும் அளந்தால் போதும். நம் ஓஜைவும் 120 வீடுகளை அப்படி வரிசையில் நிறுத்தி வைத்திருக்கிறது. Y அச்சு வரிசை எண், X அச்சு அந்த இடத்தில் நிற்கும் வீட்டின் யூனிட்.

ஆகவே Y அச்சில் மொத்தத்தின் பாதியான 60இலிருந்து படுக்கையாக ஒரு கோடு இழுத்து, வளைவைத் தொடும் இடத்திலிருந்து நேராகக் கீழே இறக்கினால், சுமார் 326 யூனிட்டில் விழும். அது இடைநிலை. கால் பங்கு 30. அங்கிருந்து போனால் சுமார் 223, முதல் கால்மானம். முக்கால் பங்கு 90. அங்கிருந்து போனால் 410, மூன்றாம் கால்மானம். (120+1ஐ இரண்டால் வகுக்க வேண்டாமா என்று கேட்பார்கள். தனித்தனி மதிப்புகளை வரிசைப்படுத்தும்போதுதான் அது. பிரிவுகளாகத் தொகுத்த பிறகு N/2, N/4, 3N/4 போதும்.) கால் பங்கு வீடுகள் 223க்குக் கீழே, கால் பங்கு 410க்கு மேலே, மீதிப் பாதி இந்த இரண்டுக்கும் நடுவே 187 யூனிட் இடைவெளிக்குள் இருக்கின்றன.

சரிபார்க்கப் பாடநூல் சூத்திரம் இருக்கிறது:

```
Q2 = l + ((N/2 - m) / f) × c
   = 300 + ((60 - 50) / 38) × 100 = 326.3
```

60ஆவது வீடு இருக்கும் பிரிவு 300 – 400. அதன் கீழ் எல்லை l, அதற்கு முன்பு வரை குவிந்த எண்ணிக்கை m, அந்தப் பிரிவின் நிகழ்வெண் f, பிரிவின் அகலம் c. 88இலிருந்து 50ஐக் கழித்தால் வருவதுதான் அந்த 38. பிரிவுக்குள் வீடுகள் சமமாகப் பரவியிருக்கின்றன என்று சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. புள்ளிகளை அளவுகோலால் நேர்க்கோடாக இணைத்தாலும் அதே அனுமானம்தான், அதே விடைதான். கையால் வளைத்து இணைத்தால் கொஞ்சம் மாறும். 200 – 300 பிரிவில் வளைவு நேர்க்கோட்டுக்குச் சற்றுக் கீழே தொங்கும், முதல் கால்மானம் 230ஐ ஒட்டி வரலாம். இது பிழையில்லை. நம் அளவுத் திட்டத்தில் தாளின் 1 மி.மீ. 5 யூனிட். ஆகவே வரைபடத்திலிருந்து எடுத்த விடையை 'சுமார் 325' என்று எழுதுவதே நேர்மை. 326.32 என்று எழுதியிருந்தால் அது கிராஃபிலிருந்து வந்ததல்ல, கால்குலேட்டரிலிருந்து வந்தது என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.

இனி அந்த மங்கிய எண். 83 என்று எடுத்தால் 300 – 400 பிரிவில் 33 வீடுகள், 400 – 500 பிரிவில் 25. முதல் கால்மானம் அசையவே இல்லை, ஏனென்றால் அது 300க்குக் கீழேயே முடிந்துவிட்ட விஷயம். இடைநிலை 330 ஆகிறது, நான்கு யூனிட் வித்தியாசம்தான். ஆனால் மூன்றாம் கால்மானம் 410இலிருந்து 428க்குத் தாவுகிறது. ஒரு குவிவு எண் தவறினால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு பிரிவுகள் மட்டுமே கெடும். மற்ற புள்ளிகள் எல்லாம் தங்கள் இடத்திலேயே நிற்கும். அதனால் விடை முழுக்கத் தப்பாகத் தோன்றாது, வளைவும் வழுவழுப்பாகவே இருக்கும். இதை வளைவு காட்டிக்கொடுக்காது.

காட்டிக்கொடுப்பது நிகழ்வெண் நிரல் மட்டுமே. அதை அனுப்பச் சொன்னேன். 8, 16, 26, 38, 20, 12 என்று வந்தது. 50உம் 38உம் 88. அத்தோடு சந்தேகம் தீர்ந்தது.

வெட்டுப்பட்ட தலைப்பில் 'குறைவாக' என்று இல்லாமல் 'அதற்கு மேல்' என்று இருந்திருந்தால் எண்கள் 120இல் தொடங்கி இறங்கியிருக்கும்: 120, 112, 96, 70, 32, 12. அந்த வகையில் புள்ளிகள் கீழ் எல்லைக்கு நேராக வரும், 600க்கு நேராக 0 வைத்து முடிக்க வேண்டும். இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்தால் அவை வெட்டிக்கொள்ளும் இடம் சரியாக 60 உயரத்தில், இடைநிலைக்கு நேர் மேலே இருக்கும். இடைநிலையைச் சரிபார்க்க நல்ல வழி. ஆனால் இறங்கு வளைவில் முதல் கால்மானத்தை 30 உயரத்தில் தேடக் கூடாது, 90இல் தேட வேண்டும். ஏனென்றால் முதல் கால்மானத்துக்கு மேலே இருப்பவை 90 வீடுகள்.

கடைசிப் பிரிவு '500க்கு மேல்' என்று முடிவில்லாமல் விடப்பட்டிருந்தாலும் நம் மூன்று விடைகளும் மாறாது. 90க்கு மேலே வளைவு எங்கே போய் முடிகிறது என்பது அவற்றுக்குத் தேவையே இல்லை. கூட்டுச் சராசரியை அப்படிக் காண முடியாது. அந்தப் பிரிவின் நடு மதிப்பு தெரியாதே.

வரைந்து முடித்த ஓஜைவையே யாராவது படமாக அனுப்பினால், கைபேசித் திரையில் அளவுகோல் வைத்து அளக்காதீர்கள். சாய்வாக எடுத்த படத்தில் தூரத்துக் கட்டங்கள் சுருங்கியிருக்கும். தாளில் அச்சான சிறு கட்டங்களை எண்ணியே படியுங்கள். அட்டவணையை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தாளுக்கு நேர் மேலே கைபேசியைப் பிடித்து, தலைப்பு வரியும் மொத்தமும் நிகழ்வெண் நிரலும் விழும்படி எடுங்கள். குவிவு நிரலில் ஓர் எண் மங்கினாலும் பக்கத்து நிரலிலிருந்து அதை மீட்டுவிடலாம்.