பால் பாக்கெட்டில் பாருங்கள் கொழுப்பு அளவை

புதுக்கோட்டையில் ஆவின் பால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் நிறத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். ஆரஞ்சு பாக்கெட் நிறைகொழுப்புப் பால், நீலம் சமன்படுத்திய பால். கலோரிக் கணக்குக்கு நிறத்தைவிட, பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் கொழுப்புச் சதவீதமே முக்கியம். உணவுப் பாதுகாப்புத் தர நிர்ணயப்படி நிறைகொழுப்புப் பாலில் குறைந்தது 6 சதவீதமும், சமன்படுத்திய பாலில் 3 சதவீதமும் கொழுப்பு இருக்க வேண்டும். கொழுப்பு நீக்கிய பாலில் 0.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது.

கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள புரதமும் பால் சர்க்கரையும் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். 100 மி.லி.யில் அவை சுமார் 32 கலோரி தருகின்றன. ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரி. ஆகவே சதவீதத்தை 9-ஆல் பெருக்கி 32-ஐக் கூட்டினால் போதும். 100 மி.லி. நிறைகொழுப்புப் பாலில் சுமார் 86, சமன்படுத்திய பாலில் 59, கொழுப்பு நீக்கியதில் 36 கலோரி.

150 மி.லி. டம்ளரில் ஆரஞ்சுக்கும் நீலத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 40 கலோரி. இரண்டு டீஸ்பூன் சர்க்கரையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். நீலத்துக்கு மாறிவிட்டுச் சர்க்கரையைக் கூட்டினால், மாறியதில் பலன் இல்லை.

தயிராக உறைந்தால் கலோரி குறையுமா? உறை ஊற்றியதும் நுண்ணுயிரிகள் பால் சர்க்கரையில் ஒரு பகுதியை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன, புளிப்பு அதனால்தான். அந்த அமிலத்திலும் கலோரி உண்டு. 100 மி.லி.க்கு ஒரு கலோரி குறைந்தாலே அதிகம். கொழுப்பு அப்படியே இருக்கிறது. எந்தப் பாலோ, அந்தக் கணக்குதான் தயிருக்கும். புளித்த தயிர் என்பதற்காக இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை.

கணக்கை உண்மையில் மாற்றுவது அடுப்படி வேலை. தயிர் கெட்டியாக வேண்டுமென்று அரை லிட்டர் நீலப் பாலை 400 மி.லி.யாகச் சுண்டக் காய்ச்சினால், வற்றுவது தண்ணீர் மட்டுமே. மொத்தம் இருந்த 295 கலோரி அப்படியே நிற்கும். ஆனால் 100 மி.லி.க்கு 59 என்பது 74 ஆகிவிடும். அது 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை பாக்கெட் பாலின் கணக்குக்கு ஏறக்குறையச் சமம். துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்த தயிரும் இப்படித்தான். வடிந்த நீரில் கொஞ்சம் சர்க்கரை போகும், கொழுப்பு தயிரிலேயே தங்கிவிடும்.

ஏட்டை எடுத்துவிட்டு உறை ஊற்றினால் கொழுப்பு குறையும். 10 கிராம் கொழுப்பு ஏட்டோடு போனால் 90 கலோரி போகிறது. அதே ஏட்டைச் சேர்த்து நெய்யாக உருக்கிச் சோற்றில் விட்டால், அந்த 90 வேறு வழியில் தட்டுக்கு வந்துவிடும்.

கறந்த பாலை நேராக வாங்குகிறவர்களுக்கு இந்தச் சதவீதம் தெரியாது. பசும்பாலைவிட எருமைப்பாலில் கொழுப்பு பொதுவாக மிக அதிகம். அதை நிறைகொழுப்புக் கணக்கில் வைத்துக்கொள்வது சரி. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மட்டும் கொழுப்பு நீக்கிய பால் வேண்டாம். அந்த வயதில் கொழுப்பும் அதோடு வரும் வைட்டமின் ஏ சத்தும் தேவை.